குப்பைத் தொட்டியில் கியூஆர் கோடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தொட்டிக்குத் தொட்டி கோடு ஒட்டி, தினமும் தரம் பிரித்ததைப் பதிவு செய்து, நன்றாகப் பிரிக்கும் வீடுகளுக்குப் பரிசு கொடுக்கும் திட்டத்தில் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டுக்காரர்கள், குப்பை எடுக்கும் பணியாளர்கள், மேற்பார்வையாளர்கள் என்று மூன்று பக்கமும் கேட்கிற சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

இந்தக் கோடுல என்ன இருக்கு? என் பேரு, போன் நம்பர் எல்லாம் தெரியுமா?

ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். 3041274 என்பது போல ஏழு இலக்கம். அந்த எண் எந்த வீட்டுக்கு உரியது என்ற பட்டியல் அலுவலகக் கணினியில் தனியாக இருக்கும். தெருவில் போகிற யாரோ தன் போனை நீட்டி ஸ்கேன் செய்தால் அவருக்கு அந்த ஏழு இலக்கம் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சில இடங்களில் எண்ணுக்குப் பதிலாக ஓர் இணைய முகவரியையே கோடாக அச்சடித்துவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தொட்டியில் இருக்கும் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும் என்று மக்களைப் பழக்கிவிட்டால், நாளைக்கு எவரோ அதன் மேல் வேறு கோடை ஒட்டி "குப்பைக் கட்டணம் செலுத்தவும்" என்று போலிப் பக்கத்தைத் திறக்க வைக்கலாம். வெறும் எண்ணாக இருந்தால் அந்த வழி இல்லை.

அப்ப ஸ்கேன் பண்ணாலே நான் பிரிச்சுப் போட்டேன்னு பதிவாகிடுமா?

ஆகாது. இந்தத் திட்டத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கோடு சொல்வது "இந்த எண் இந்த நேரத்தில் இந்தக் கருவிக்கு முன்னால் இருந்தது" என்பதை மட்டும். உள்ளே மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தனித்தனியாக இருந்தனவா என்பதைப் பார்த்துச் சொல்வது பணியாளரின் கண்.

ஆகவே ஒரு பதிவில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன: எந்த வீடு என்பது இயந்திரம் சொன்னது, எப்படி இருந்தது என்பது மனிதர் சொன்னது. முதல் துண்டில் தவறு வந்தால் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டாவதில் வரும் தவறுகளைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தின் பின்பாதி.

ஒரு வீட்டு வாசல்ல நின்னு வரிசையா என்னென்ன செய்யணும்?

முதலில் ஸ்கேன். பிறகு மூடியைத் திறந்து பார்ப்பது. பிறகு திரையில் ஒரு பொத்தான். கடைசியில்தான் வண்டியில் கொட்டுவது. இந்த வரிசை மாறக் கூடாது. கொட்டிவிட்டு ஸ்கேன் செய்பவர் நினைவிலிருந்து பதில் போடுகிறார், பத்தாவது வீட்டைத் தாண்டும்போது எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் நினைவில் இருக்கும்.

பொத்தான்கள் நான்கு போதும்: "சரி", "சிறு தவறு", "கலந்தது", "வைக்கவில்லை". ஐந்து நட்சத்திரம், பத்து மதிப்பெண் என்று வைத்த ஆப்களையும் பார்த்திருக்கிறேன். வண்டி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் மூன்று நட்சத்திரமா நான்கா என்று யோசிப்பதில்லை, கட்டைவிரல் எங்கே இருக்கிறதோ அது பதிவாகும்.

ஒரு வீட்டுக்கு பத்து செகண்ட் வேலை. அதுக்கு ஏன் இவ்வளவு புலம்புறாங்க?

பெருக்கிப் பாருங்கள். ஒரு வண்டி 250 வீடு போகிறது என்றால் 2,500 வினாடி, கிட்டத்தட்ட 42 நிமிடம். வேலை நேரத்தைக் கூட்டாமல், வீடுகளைக் குறைக்காமல் இந்த 42 நிமிடத்தைத் தலையில் வைத்தால், அது எங்கேயோ ஓர் இடத்தில் திருடப்படும். பெரும்பாலும் மூடியைத் திறந்து பார்க்கும் நேரம்தான் போகும். ஸ்கேன் நடக்கும், பார்வை நடக்காது.

இரண்டு பேர் போகும் வண்டியில் ஒருவர் ஸ்கேன் செய்து பார்த்துச் சொல்ல, மற்றவர் கொட்டினால் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒருவர் மட்டும் போகும் வண்டி என்றால், எல்லா வீட்டையும் தினமும் ஸ்கேன் செய்ய வைத்து, அன்றைக்கு ஆப் தானாகத் தேர்ந்தெடுக்கும் ஐந்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் மூடியைத் திறந்து தரம் போடச் சொல்லலாம். எந்த வீடு என்று ஸ்கேன் செய்த பிறகுதான் திரையில் வர வேண்டும், முன்கூட்டியே தெரியக் கூடாது. மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு ஐந்தாறு உண்மையான பார்வை கிடைக்கும். முப்பது போலிப் பார்வையைவிட அது மேல்.

கிளவுஸ் போட்ட கையால போன் திரை வேலை செய்ய மாட்டேங்குதே?

சாதாரணத் திரை விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து வேலை செய்வது. தடித்த ரப்பர் உறை அதை மறைத்துவிடும், ஈரம் பட்டால் தொடாத இடமெல்லாம் தொட்டதாகக் காட்டும். பணியாளர் உறையைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல, இரண்டாம் நாளே ஒரு கை உறையில்லாமல் வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவார். அது அவர் உடம்புக்குக் கேடு.

போனின் பக்கவாட்டு ஒலிப் பொத்தானை "சரி" என்றும், மற்றதற்கு மட்டும் திரையில் பெரிய கட்டங்களும் வைத்துக் கொடுங்கள் என்று ஆப் எழுதுபவரிடம் கேளுங்கள். பதிவானதும் போன் ஒரு முறை அதிர வேண்டும், வெயிலில் திரை தெரியாது.

ஒரே ஒரு பிளாஸ்டிக் கவர் கிடந்தாலும் 'கலந்தது'ன்னு போட்டுடுவீங்களா?

இல்லை. நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது: மேலோட்டமாகப் பார்த்து, கிளறாமல், கையால் ஓரிரண்டு பொருளை எடுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றால் "சிறு தவறு". எடுத்துத் தீராது என்றால் "கலந்தது". நாப்கின், டயப்பர், உடைந்த கண்ணாடி, ஊசி போன்றவை மக்கும் குப்பைக்குள் இருந்தால் ஒன்றே ஒன்றானாலும் "கலந்தது"தான், ஏனென்றால் அதைக் கையால் எடுக்கச் சொல்ல முடியாது.

இந்த அளவுகோலை எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரே தொட்டிக்கு இரண்டு பணியாளர்கள் இரண்டு பதில் போடுவார்கள். தொடங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து தொட்டிகளின் படத்தை எல்லாருக்கும் காட்டி, தனித்தனியாகத் தரம் போடச் சொல்லி, எங்கே பதில் பிரிகிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். அரை நாள் வேலை.

ஸ்டிக்கர் ஒரே மாசத்துல உரிஞ்சு விழுந்துடுச்சு. மட்டமான பசையா?

பசை மட்டும் காரணம் இல்லை. குப்பைத் தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இந்த இரண்டும் எதையும் ஒட்டவிடாத மேற்பரப்பு கொண்டவை, எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் திரள்வது போலச் சாதாரணப் பசை இவற்றின் மேல் பரவாமல் நிற்கும். இந்த வகைப் பிளாஸ்டிக்குக்கென்றே பசை உண்டு. ஸ்டிக்கர் வாங்கும்போது "பாலிஎத்திலீன் மேல் ஒட்ட வேண்டும்" என்று சொல்லி வாங்க வேண்டும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு அழுத்தித் தேய்த்து ஒட்ட வேண்டும். பசை முழுப் பிடிப்பு கொள்ள ஒரு நாள் ஆகும், அதுவரை தொட்டியைக் கழுவ வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அச்சு. ரசீது தருகிற மாதிரி வெப்பத்தில் கறுக்கும் தாளில் அச்சடித்தால் வெயிலில் கோடு வெளுத்துவிடும் அல்லது தாளே கறுத்துவிடும். பாலியெஸ்டர் ஸ்டிக்கரில் அச்சடித்து மேலே பளபளப்பில்லாத உறை போடச் சொல்லுங்கள். பளபளப்பு இருந்தால் காலை வெயில் பட்டுக் கண்ணைக் கூசும், கேமராவுக்கும் அதே கதி.

இடமும் முக்கியம். வாளியின் வளைந்த பக்கத்தில் பெரிய கோடை ஒட்டினால் ஓரங்கள் கேமராவின் பார்வையிலிருந்து திரும்பிப் போய்விடும். மூடியில் ஒட்டினால் மூடி அடுத்த வீட்டுக்குப் போய்விடும், இது நகைச்சுவை இல்லை, வாரத்துக்கு இரண்டு புகாராவது இப்படித்தான் வருகிறது. கைப்பிடிக்குக் கீழே கொஞ்சம் தட்டையாக இருக்கும் இடம் இருக்கும், அங்கே ஒட்டுங்கள். முடிந்தால் சின்னத் தகட்டில் அச்சடித்து ரிவெட் அடித்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

கோடு கொஞ்சம் கிழிஞ்சோ அழுக்காவோ இருந்தா படிக்குமா?

ஓரளவு படிக்கும். கியூஆர் கோடை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கியது, அழுக்கும் கீறலும் அங்கேயும் உண்டு. அதனால் தகவலோடு சேர்த்துத் திருத்தும் தகவலும் உள்ளேயே எழுதப்படுகிறது. L, M, Q, H என்று நான்கு நிலைகள் இருக்கின்றன. H நிலையில் ஏறக்குறைய 30 சதவீதம் கெட்டாலும் மீட்டுவிடலாம். தொட்டிக்கு H-ஐத் தவிர வேறு தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆனால் மூன்று மூலைகளிலும் இருக்கும் பெரிய கட்டங்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றில் ஒன்று கிழிந்தால் கோடு எங்கே இருக்கிறது என்றே கருவிக்குப் புரியாமல் போகலாம்.

வெறும் எண்ணாக இருப்பதன் இன்னொரு லாபமும் இங்கே வருகிறது. ஏழு இலக்கம் H நிலையிலும் மிகச் சிறிய கோடில், 21-க்கு 21 கட்டத்தில், அடங்கிவிடும். நாற்பது எழுத்துள்ள இணைய முகவரியை அதே நிலையில் எழுத 37-க்கு 37 கட்டம் வேண்டும். ஸ்டிக்கரின் அளவு ஒன்றுதான் என்பதால் முன்னதில் ஒவ்வொரு கட்டமும் பெரிதாக இருக்கும், அழுக்கிலும் தூரத்திலும் தாக்குப்பிடிக்கும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். ஓரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை வெட்டிவிட்டால் பல கருவிகள் படிக்காது. தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: கோடின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு. ஆறு சென்டிமீட்டர் கோடு என்றால் அறுபது சென்டிமீட்டர் தள்ளி நின்று படிக்கலாம், குனிய வேண்டியதில்லை.

சுத்தமா படிக்கவே இல்லைன்னா?

கோடுக்குக் கீழே அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்திருக்க வேண்டும். அதைத் தட்டச்சு செய்யலாம். தட்டச்சில் தவறு வந்தால் பக்கத்து வீட்டுக் கணக்கில் ஏறிவிடாதா என்பார்கள். அதற்குத்தான் கடைசி இலக்கம். மேலே சொன்ன 3041274-இல் வீட்டு எண் 304127, கடைசி 4 சரிபார்ப்பு இலக்கம். வலமிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டித்துக் கூட்டுவது கணக்கு: 7 இரட்டித்தால் 14, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 5. பிறகு 2 அப்படியே. 1 இரட்டித்து 2. பிறகு 4, 0, 3. மொத்தம் 16. அடுத்த பத்தான 20-க்கு 4 குறைகிறது, அதுதான் கடைசி இலக்கம். பணியாளர் அவசரத்தில் 2-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றி 3041724 என்று அடித்தால் கூட்டல் 20 வரும், கடைசி இலக்கம் 0 ஆக இருக்க வேண்டும், 4 இருக்கிறது, ஆப் ஏற்காது.

தட்டச்சு செய்த பதிவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்து தட்டச்சு வந்தால் அங்கே ஸ்டிக்கர் மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு பணியாளருக்கு எல்லா வீடும் தட்டச்சாகவே வந்தால் அது வேறு கதை, வாசலுக்கே போகாமல் அடித்திருக்கலாம், அப்படிப்பட்ட பதிவுகளைப் பற்றிக் கீழே வருகிறது.

தொட்டில ஒட்டாம வாசல் சுவத்துல ஒட்டிட்டா நல்லதில்லையா?

வீட்டை அடையாளம் காட்ட சுவர்தான் சிறந்தது. அது உடையாது, இடம் மாறாது. ஆனால் சுவரை ஸ்கேன் செய்துவிட்டுத் தொட்டியைத் திறக்காமலே போய்விடலாம். தொட்டியில் ஒட்டியிருந்தால் குறைந்தது தொட்டியின் அருகில் வந்து குனிய வேண்டும், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என் தேர்வு தொட்டி. மக்கும் தொட்டிக்கும் மக்காத தொட்டிக்கும் ஒரே வீட்டு எண், முடிவில் வேறு ஓர் எழுத்து சேர்ப்பவர்கள் உண்டு, அது தேவைப்படுவது இரண்டையும் வெவ்வேறு நாளில் எடுக்கும் இடங்களில்தான்.

தொட்டி உடைந்து புதிது வாங்கினால் பழைய எண்ணையே மறுபடி அச்சடிக்காதீர்கள். புது எண் கொடுத்து அதே வீட்டோடு இணையுங்கள். பழைய தொட்டி எங்கோ யாரிடமோ உயிரோடு இருக்கும்.

ஆர்எஃப்ஐடி சிப் வச்சா ஸ்கேனே பண்ண வேண்டாமாமே?

சக்கரத் தொட்டியை வண்டியின் இயந்திரக் கை தூக்கிக் கொட்டும் இடங்களில் அது நன்றாக வேலை செய்கிறது. தூக்கும்போதே சிப் ரேடியோ அலையால் படிக்கப்படும், அழுக்கு மறைக்காது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட தொட்டிகளில் 134.2 கிலோஹெர்ட்ஸ் சிப்புகள் பரவலாக இருக்கின்றன. ஆனால் அது "தொட்டி தூக்கப்பட்டது" என்று மட்டும்தான் சொல்லும். இரண்டாம் கேள்விக்கான பதில் இங்கேயும் அப்படியே பொருந்தும்: உள்ளே எப்படி இருந்தது என்பதை யாரோ பார்த்தாக வேண்டும். அதோடு, பல மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் வேறு வகைச் சிப்பை நெருக்கமான தெருவில் வைத்தால், நிற்காத வீட்டின் தொட்டியும் சேர்ந்து பதிவாகிவிடும்.

சிக்னல் இல்லாத தெருவுல என்ன பண்றது?

பதிவு போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் போக வேண்டும். ஸ்கேன் நேரம், அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். போனின் கடிகாரத்தை மாற்றியிருந்தால் இரண்டையும் ஒப்பிடும்போது தெரிந்துவிடும்.

நான் பத்து நாள் ஊருல இல்லை. அந்த நாளெல்லாம் எனக்கு மைனஸா?

மைனஸ் ஆகக் கூடாது. ஆனால் பல திட்டங்களில் ஆகிறது, ஏனென்றால் மொத்த நாளால் வகுத்துவிடுகிறார்கள். முப்பது நாள் மாதத்தில் மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் 26 நாள் பார்த்தோம், 24 நாள் சரி. இரண்டாவது வீட்டில் 8 நாள்தான் பார்க்க முடிந்தது, எட்டும் சரி. மூன்றாவது வீடு 11 நாள் வைக்கவில்லை, மீதி 19-இல் 18 சரி. முப்பதால் வகுத்தால் மூன்றாவது வீட்டுக்கு 60 சதவீதம், அதாவது பரிசு இல்லை. பார்த்த நாளால் வகுத்தால் கிட்டத்தட்ட 95 சதவீதம், முதல் வீட்டின் 92-ஐ விட மேல்.

அதனால் வகுக்க வேண்டியது "பார்த்த நாள்" எண்ணிக்கையால். "வைக்கவில்லை" என்பதும் பணியாளர் வராத நாளும் கணக்கில் மேலேயும் வராது, கீழேயும் வராது. "சிறு தவறு" அரை மதிப்பெண். ஆனால் இதை மட்டும் வைத்தால் எட்டுக்கு எட்டு வாங்கிய இரண்டாவது வீடு முதலிடத்துக்கு வந்துவிடும். எட்டு நாளில் தற்செயலாகவும் எட்டு சரி வரலாம். ஆகவே குறைந்தது 15 பார்வை இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு. இரண்டாவது வீட்டைத் தள்ளிவிடாமல் அந்த எட்டையும் அடுத்த மாதக் கணக்கோடு சேர்த்துவிடுகிறோம். ஐந்தில் ஒன்று முறையில் போகும் வண்டிக்கு இந்த 15-ஐ மூன்று மாதத்துக்கான வரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

நான் வீட்டுலயே உரம் போடுறேன். மக்கும் தொட்டியே வைக்கறதில்லை. எனக்குப் பரிசு கிடையாதா?

உண்டு. மேலே சொன்ன மூன்றாவது வீடு போலத்தான். பட்டியலில் உங்கள் எண்ணுக்கு எதிரே "உரம்" என்று குறித்துவிடச் சொல்லுங்கள், மக்காத தொட்டியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவார்கள்.

அடுக்குமாடியில எல்லாருக்கும் சேர்த்து ஒரே தொட்டி. யார் பண்ண தப்புக்கு யார் மாட்டறது?

பெரிய தொட்டியில் ஒட்டிய கோடு கட்டடத்தைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. இதற்கு நல்ல தீர்வு இல்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கட்டடத்துக்கே பரிசு என்று வைத்தால் இருபது பேர் பிரித்ததை இரண்டு பேர் கெடுப்பார்கள். இருந்தாலும் அந்த இருவரிடம் பேசுவது அண்டை வீட்டாராக இருக்கும், பணியாளராக இருக்காது. வீட்டுக்கு ஒரு சிறு வாளி கொடுத்து, கோடும் அதில் ஒட்டி, வாசலிலேயே எடுத்துக்கொண்டால் தனித்தனியாகத் தெரியும். ஆனால் மாடிக்கு மாடி ஏறி இறங்க ஆள் வேண்டும், அதை நேரக் கணக்கில் சேர்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான் ஒழுங்கா வைக்கிறேன், ராத்திரி வேற யாரோ என் தொட்டில போட்டுட்டுப் போறாங்க.

நடக்கிறதுதான். வண்டி வரும் நேரத்துக்கு வெளியே வையுங்கள். அப்படியும் "கலந்தது" வந்தால் அன்றே செய்தி வரும், இரண்டு நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம். மாதக் கடைசியில் மொத்தமாக மதிப்பெண் காட்டினால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது, அதனால்தான் அன்றே செய்தி.

பணியாளர் எங்கயோ உக்காந்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

ஒரு நாள் பதிவை எடுத்துப் பார்ப்போம். 240 வீடு, 228 "சரி", 12 "கலந்தது". 95 சதவீதம், பார்க்க அழகாக இருக்கிறது. நேரத்தைப் பார்த்தால் காலை 6:10-இலிருந்து 7 மணி வரை ஒழுங்கான இடைவெளியில் பதிவுகள். பிறகு இரண்டு மணி நாற்பது நிமிடம் ஒன்றுமே இல்லை. 9:40-இலிருந்து 9:52-க்குள் 96 பதிவு. பன்னிரண்டு நிமிடம் என்பது 720 வினாடி, ஒரு வீட்டுக்கு ஏழரை வினாடி. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடந்து, மூடியைத் திறந்து, கொட்டி வருவது ஏழரை வினாடியில் நடக்காது. அந்த 96-உம் "சரி" என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இங்கேயே ஆளைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். இப்படி வரும்போது நான் முதலில் கேட்பது "போன் சார்ஜ் இருந்ததா?" என்றுதான். காலை ஏழு மணிக்குப் போன் அணைந்து, குப்பை எடுத்து முடித்து, வண்டியில் கிடந்த உபரி ஸ்டிக்கர் தாளை வைத்து ஒப்பேற்றுவது வழக்கமாக நடக்கும் கதை. எண்ணிக்கை குறைந்தால் திட்டு விழும் என்று அவருக்குத் தெரியும். தீர்வு, உபரித் தாள்களை வண்டியில் வைக்காமல் அலுவலகத்தில் வைப்பது, ஒரு பவர் பேங்க் கொடுப்பது, "இன்று பதிவு செய்ய முடியவில்லை" என்று ஒரு பொத்தான் வைப்பது. இடம் காட்டும் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். திறந்த வெளியில் ஐந்து பத்து மீட்டர் துல்லியம், நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அதைவிட மோசம், பக்கத்துப் பக்கத்து வீடுகளைப் பிரித்துக் காட்டாது. ஆள் தெருவில் இருந்தாரா வீட்டில் இருந்தாரா என்பதற்கு மட்டும் அது போதும்.

நேரம் சரியாக இருந்தும் தரம் பொய்யாக இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது எடைமேடை. அந்த வண்டியின் மக்கும் பகுதியில் 310 கிலோ வந்து, உரக்கூடத்தில் அதிலிருந்து 41 கிலோ மக்காததைப் பொறுக்கி எடுத்தார்கள் என்றால் அது 13 சதவீதம். 80 சதவீதம் "சரி" என்று காட்டும் இன்னொரு வண்டியில் 5 சதவீதம்தான் வருகிறது என்றால், இரண்டில் எந்தப் பதிவு உண்மை என்று சொல்ல வேண்டியதில்லை. இதோடு மேற்பார்வையாளர் வாரம் ஒரு நாள் வண்டிக்கு முன்னால் போய், பத்துத் தொட்டியைத் தானே திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, பணியாளர் போடுவதோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஒன்றிரண்டு மாறுவது இயல்பு. ஒரு மாதத்தின் நாற்பதையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நல்ல வீடு அதிகமா காட்டுற பணியாளருக்கு போனஸ் கொடுத்தா எல்லாரும் ஆர்வமா செய்வாங்களே?

அடுத்த மாதமே எல்லா வீடும் நல்ல வீடாகிவிடும், உரக்கூடத்தில் பொறுக்கும் எடை மட்டும் குறையாது. பணியாளர் நீதிபதி மாதிரி, தீர்ப்பின் திசைக்குச் சம்பளம் வைக்கக் கூடாது. கொடுப்பதானால் மேற்பார்வையாளரின் நாற்பதோடு எத்தனை ஒத்துப்போனது என்பதற்குக் கொடுங்கள்.

வீட்டுக்காரர் பக்கமிருந்தும் அழுத்தம் வரும். தினமும் முகம் பார்க்கிற வீட்டுக்குக் "கலந்தது" போடுவது எளிதில்லை, மறுநாள் அதே வாசலில் நிற்க வேண்டும். மறுப்பு வந்தால் அதற்குப் பதில் சொல்வது அலுவலகமாக இருக்க வேண்டும், வாசலில் பணியாளர் வாதாடக் கூடாது. எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதைச் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவதும் நல்லது. மாற்றிய மறுவாரமே ஒரு தெருவின் மதிப்பெண் தலைகீழானால், அந்தத் தெருவைப் பழைய பதிவிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

பரிசு முதல் மூணு வீட்டுக்கா, எல்லாருக்குமா?

முதல் மூன்று என்று வைத்தால் மூன்று மாதமும் அதே மூன்று வீடுகள்தான் வரும், மற்றவர்கள் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். 98-க்கும் 97-க்கும் இடையே இருப்பது பணியாளரின் பார்வை வேறுபாடு, வீட்டின் வேறுபாடு அல்ல. 90 சதவீதமும் போதிய பார்வையும் உள்ள எல்லா வீட்டுக்கும் சிறிய சலுகை என்பது நியாயம். பணம் குறைவாக இருந்தால் தகுதி பெற்றவர்களுக்குள் குலுக்கல் நடத்துங்கள். குலுக்கலை எல்லாரும் பார்க்கச் செய்யுங்கள், எண்களை மட்டும் சீட்டில் எழுதுங்கள்.

பிரிக்காத வீடுகளைப் போர்டுல எழுதிப் போட்டா திருந்துவாங்க இல்லையா?

செய்யாதீர்கள். மதிப்பெண்ணில் பணியாளரின் தவறும் கலந்திருக்கிறது, அதை வைத்து ஒருவரை அவமானப்படுத்த முடியாது. நல்ல வீடுகளைப் போடுவதானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. "வைக்கவில்லை" என்று ஆறு நாள் தொடர்ந்து வந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். நாள் வாரியான பதிவை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்திருந்தால் திருடனுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது போல. ஒரு வீட்டின் நாள் பதிவை அந்த வீட்டுக்காரரும் கணக்குப் பார்ப்பவரும் மட்டும் பார்க்க வேண்டும். மறுப்புக் காலம் முடிந்து மாதக் கணக்கு ஏறியதும் நாள் விவரத்தை அழித்துவிட்டு, "பார்த்தது 26, சரி 24" என்ற இரண்டு எண்ணை மட்டும் வைத்திருந்தால் போதும்.

நாங்க பிரிச்சுப் போட்டாலும் வண்டியில ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. அப்புறம் எதுக்கு இந்தக் கோடு, ஸ்கேன் எல்லாம்?

அப்படி நடந்தால் ஒன்றுக்கும் இல்லை. வண்டியில் தடுப்பு இல்லாத தெருவில் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. தடுப்பு இருந்தும் கலக்கிறார்கள் என்றால் அதற்கும் ஒரு பதிவு வேண்டும்: வண்டியின் இரு பகுதிக்கும் தனித்தனி எண், எடைமேடையில் அதையும் ஸ்கேன் செய்து எடை போடுவது. மக்கும் பகுதி எடை திடீரென்று ஏறி, மக்காத பகுதி ஏறக்குறைய காலியாக வந்தால் வழியில் ஒன்றாகக் கொட்டப்பட்டிருக்கிறது. அன்றைக்கு அந்த வண்டியின் எல்லா வீட்டுப் பதிவையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வீடுகளுக்கு "இன்று தவறு எங்களுடையது" என்று செய்தி அனுப்புவோம். அந்தச் செய்தியை அனுப்ப மேலதிகாரிகள் தயங்குவார்கள். அனுப்பிய தெருக்களில் இந்தக் கேள்வி என்னிடம் வருவது குறைந்திருக்கிறது.